முகவரி இல்லாத கடிதத்துக்கு ஒரு பதில்

முதியோர் இல்லம் ஒன்றின் அலுவலகப் பொறுப்பில் இருந்த ஆண்டுகளில் எனக்கு வந்த மொட்டைக் கடிதங்களில் ஒன்றைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன். கோடு போட்ட தாளில் நீல மையால் எழுதப்பட்டிருந்த அந்தக் கடிதத்தில் தேதியோ பெயரோ இல்லை. ஐந்து வாக்கியங்கள்தான் இருந்தன. "இரவில் மணி அடித்தால் யாரும் வருவதில்லை. மாத்திரை நோட்டில் காலையில்தான் எல்லாக் கையெழுத்தும் போடுகிறார்கள். போன மாதம் ஒருவர் விழுந்தார், எங்கும் எழுதவில்லை. பெரியவருக்கு எல்லாம் தெரியும், கண்டும் காணாமல் இருக்கிறார். நான் எழுதியது தெரிந்தால் என் கதி அவ்வளவுதான்."

இப்படி ஒரு கடிதத்தைப் படித்து முடித்ததும் மனத்தில் வரிசையாகக் கேள்விகள் எழுகின்றன. எந்தத் தளம், எந்த இரவு, விழுந்தவர் யார், பெரியவர் என்று சொல்லப்படுபவர் யார்? பெயர் போட்டு வந்த புகாராக இருந்தால் அன்று மாலையே எழுதியவரை அழைத்து உட்காரவைத்துக் கேட்டிருக்கலாம். இங்கே கேட்பதற்கு ஆள் இல்லை. இந்த இடத்தில்தான் பெரும்பாலான அலுவலகங்கள் ஒரு ஆயத்த வாக்கியத்தை எடுத்துக்கொள்கின்றன: "புகார்தாரர் போதிய விவரங்களை அளிக்காததால் இப்புகார் முடித்துவைக்கப்படுகிறது." நானும் முன்பு ஒரு முறை இதே வாக்கியத்தை எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன். அந்த வாக்கியத்தைப் பதில் என்று சொல்ல முடியாது. விவரம் போதவில்லை என்பது கடிதத்தைப் பற்றிய ஒரு குறிப்பே தவிர, மணி அடித்தால் ஆள் வருகிறாரா என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. மணி அடித்த நேரமும் அணைத்த நேரமும் எங்கள் பதிவுகளிலேயே இருந்தன. எழுதியவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது நாம் முதலில் நினைப்பதைவிட மிகக் குறைவு என்பதைக் கடிதத்தை வாக்கியம் வாக்கியமாகப் பிரித்து எழுதிப் பார்த்தபோதுதான் நான் உணர்ந்தேன்.

அப்படிப் பிரித்தபோது ஐந்து வாக்கியங்களும் ஐந்து வகையாக இருந்தன. முதல் வாக்கியத்தை அழைப்பு மணிப் பலகையின் பதிவைக் கொண்டு சோதிக்கலாம். இரண்டாவதை மருந்துப் பதிவேட்டையும் இரவுப் பணிப் பட்டியலையும் அருகருகே வைத்துச் சோதிக்கலாம். மூன்றாவதை ஓரளவே சோதிக்க முடியும், ஏனெனில் "போன மாதம்" என்பது எந்த மாதம் என்பதே எழுதப்பட்ட நாளைப் பொறுத்தது. உறையில் இருந்த அஞ்சல் முத்திரை மாதத்தின் 3ஆம் தேதியைக் காட்டியதால், கடிதம் முந்தைய மாதத்தின் கடைசி நாளில் எழுதப்பட்டு, "போன மாதம்" என்பது அதற்கும் முந்தைய மாதத்தைக் குறித்திருக்கவும் இடமிருந்தது. ஆகவே இரண்டு மாதங்களையும் பார்ப்பது என்று முடிவு செய்தேன். உறையைக் கிழித்துக் குப்பையில் போடும் பழக்கம் உள்ளவர்கள் இந்த ஒரு தடயத்தை இழந்துவிடுவார்கள். முத்திரையைத் தேதிக்காக மட்டுமே பார்க்க வேண்டும், எந்த அஞ்சலகத்தில் போடப்பட்டது என்று ஆராயத் தொடங்கினால் அது வேறு வேலையாகிவிடும்.

நான்காவது வாக்கியம் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. அந்த இல்லத்தில் "பெரியவர்" என்று சொன்னால் நிர்வாகக் குழுத் தலைவரைக் குறிக்கலாம், இரவு மேற்பார்வையாளரைக் குறிக்கலாம், என்னையும் குறிக்கலாம். அது நானாக இருக்க முடியாது என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை. குற்றச்சாட்டு யாரைச் சுட்டுகிறது என்று கேட்டுத் தெளிவுபெற வழியில்லாதபோது, சுட்டக்கூடிய எவரும் அந்தப் பகுதியை விசாரிக்கக் கூடாது என்பதுதான் பாதுகாப்பான விதி. ஆகவே அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் தனியாக எழுதி, அன்றாட நிர்வாகத்தில் பங்கு இல்லாத குழு உறுப்பினர் ஒருவரிடம் ஒப்படைத்தேன். அவருக்கும் மூலக் கடிதத்தைக் காட்டவில்லை, தட்டச்சு செய்த வாசகத்தையே கொடுத்தேன். கையெழுத்தை அடையாளம் காணக்கூடியவர்கள் ஒரு சிறிய நிறுவனத்தில் நிறைய பேர் இருப்பார்கள். நல்லெண்ணம் உள்ளவர்களுக்கும் பார்த்த கையெழுத்தைப் பார்க்காததாக ஆக்கிக்கொள்ள முடியாது. மூலத்தை ஓர் உறையில் இட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தில் இருவர் கையெழுத்திட்டுப் பூட்டி வைத்தோம்.

ஐந்தாவது வாக்கியம் புகார் அல்ல. ஆனால் பதில் எப்படி எழுதப்பட வேண்டும் என்பதைத் தீர்மானித்தது அதுதான்.

வரிசை மிக முக்கியம். முதலில் பதிவுகளைக் காப்பாற்ற வேண்டும், அதன்பிறகே கடிதம் வந்ததை வெளியே சொல்ல வேண்டும். எங்கள் மணிப் பலகை 90 நாட்களுக்கு மேற்பட்ட பதிவுகளைத் தானாகவே அழித்துவிடும் வகையைச் சேர்ந்தது. கடிதம் வந்த திங்கட்கிழமையே மூன்று தளங்களின் பதிவுகளையும் முழுமையாக நகல் எடுத்தேன். மருந்துப் பதிவேடுகளின் பக்கங்களைப் படம் பிடித்தேன். கடிதத்தில் தளம் குறிப்பிடப்படாதது ஒரு குறையாகத் தோன்றினாலும் ஒரு வகையில் அது நல்லதாகவே முடிந்தது, மூன்றையும் ஒரே அளவில் பார்க்க வேண்டியிருந்ததால் யாரும் குறிவைக்கப்பட்டதாகத் தெரியவில்லை. கடிதத்தில் ஒரே ஓர் அறையின் பெயர் இருந்திருந்தாலும் நான் இப்படித்தான் செய்திருப்பேன். குறிப்பிட்ட இடத்துக்கு மட்டும் போய்ப் பார்த்தால், அங்கே பணியில் இருப்பவர்கள் அன்றிரவே "இதை வெளியே சொன்னது யார்?" என்று கணக்குப் போட்டுவிடுவார்கள்.

அதே வாரம் புதன்கிழமையும் வெள்ளிக்கிழமையும் நானும் தலைமைச் செவிலியரும் அதிகாலை 3 மணிக்கு மூன்று தளங்களையும் சுற்றிவந்தோம். மருந்துப் பதிவேட்டில் இரவு 10 மணி, அதிகாலை 2 மணி, காலை 6 மணி என மூன்று கட்டங்கள் உண்டு. பின்னர் சேர்த்துப் போடப்பட்ட கையெழுத்துகளைக் கண்டுபிடிக்கப் பலர் மையின் நிறத்தையும் எழுத்தின் சாய்வையும் பார்ப்பார்கள். அவற்றை நான் நம்புவதில்லை, ஒரே பேனாவால் இரவு முழுவதும் எழுதுவது இயல்புதானே. அதிகாலை 3 மணிக்குப் போய்ப் பார்க்கும்போது 10 மணிக் கட்டம் காலியாக இருந்தால் அதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. இரண்டு தளங்களில் கட்டங்கள் சரியாக நிரம்பியிருந்தன. ஒரு தளத்தில் இரண்டு இரவுகளிலுமே 10 மணி, 2 மணி ஆகிய இரண்டு கட்டங்களும் காலியாக இருந்தன. அந்த நாட்களில் காலை 7 மணிக்குப் பார்த்தபோது எல்லாம் நிரம்பியிருந்தன. ஆனால் மாத்திரை அட்டைகளை எண்ணிப் பார்த்தபோது எண்ணிக்கை சரியாகவே இருந்தது. இது மிகவும் கவனிக்க வேண்டிய செய்தி. பதிவு பொய்யான நேரத்தைக் காட்டியது என்பது உறுதி, மாத்திரைகள் அட்டையிலிருந்து எடுக்கப்பட்டன என்பதும் உறுதி, உரிய நேரத்தில் கொடுக்கப்பட்டனவா என்பதை எதுவும் சொல்லவில்லை.

மணிப் பலகையிலும் இதே கதைதான். 8 வாரங்களில், அதாவது 56 இரவுகளில், அதே தளத்தில் 9 இரவுகள் பலகை அதிகாலை 1 மணிக்குப் பின் அணைக்கப்பட்டு 4 மணியளவில் மீண்டும் இயக்கப்பட்டிருந்தது. பலகை தன்னை அணைத்ததையும் ஒரு வரியாகப் பதிந்துகொள்ளும் என்பது அங்கே பலருக்குத் தெரிந்திருக்கவில்லை. அந்தத் தளத்தின் இரவுப் பணியாளர்களை ஒவ்வொருவராக அழைத்துக் கேட்டபோது, கடிதத்தைப் பற்றிச் சொல்லாமல், பதிவை மட்டும் காட்டினோம். ஒருவர் ஒளிவுமறைவின்றி விளக்கினார்: பலகையின் ஒலி கூடத்துக்கு அருகில் படுத்திருக்கும் இருவரை எழுப்பிவிடுகிறது, அவர்கள் எழுந்தால் விடியும்வரை தூங்குவதில்லை, ஆகவே ஒலியை நிறுத்திவிட்டு அரை மணிக்கு ஒரு முறை நடந்தே பார்த்துவருகிறோம் என்றார். நடந்து பார்த்ததற்குப் பதிவு இல்லை. நடக்கவில்லை என்பதற்கும் பதிவு இல்லை. கடிதம் "யாரும் வருவதில்லை" என்று சொன்னது; எங்களால் நிறுவ முடிந்தது பலகை அணைக்கப்பட்டிருந்தது என்பது மட்டுமே. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பதிலில் நேர்மையாகக் காட்ட வேண்டும் என்று நினைத்தேன், ஏனெனில் பதிலைப் படிக்கப்போகிறவர்களில் கடிதம் எழுதியவரும் இருப்பார், குற்றம் சாட்டப்பட்டவரும் இருப்பார்.

இனிப் பதிலுக்கு வருகிறேன். ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் முறைகேடுகளை வெளிப்படுத்துவோருக்காக இயற்றிய நெறிமுறை, புகார் கிடைத்ததை 7 நாட்களுக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், அதிலிருந்து 3 மாதங்களுக்குள் என்ன செய்யப்பட்டது என்று தெரிவிக்க வேண்டும் என்று சொல்கிறது. எங்களை அது கட்டுப்படுத்தவில்லை என்றாலும் அந்தக் கால அளவு எனக்கு நியாயமாகப் பட்டது. அனுப்பியவர் யார் என்றே தெரியாதபோது ஒப்புகையை எங்கே அனுப்புவது? அவர் பார்க்கக்கூடிய இடத்தில், அவர் மட்டும் பார்த்ததாகத் தெரியாத வகையில் வைக்க வேண்டும். ஊழியர் அறையின் பலகையில் மட்டும் ஒட்டியிருந்தால், எழுதியவர் ஊழியர் என்று நாங்கள் கருதுவதை அறிவித்ததாக ஆகியிருக்கும். கடைசி வாக்கியம் அப்படி ஓர் எண்ணத்தைத் தந்தாலும், இல்லத்தில் தங்கியிருக்கும் ஒருவரோ அவருடைய மகளோகூட அப்படி எழுதியிருக்க முடியும். ஆகவே மூன்று தளங்களிலும், பார்வையாளர் கூடத்திலும், ஊழியர் அறையிலும் ஒரே நேரத்தில் ஒட்டினோம், குடும்பத்தாருக்கு மாதந்தோறும் போகும் மடலிலும் சேர்த்தோம். ஒரு தாளின் முன் நீண்ட நேரம் நின்று படிப்பதே ஒருவரைக் காட்டிக்கொடுக்கும் என்பதால் எழுத்தைப் பெரிதாகவும் வாசகத்தைச் சுருக்கமாகவும் வைத்து, 30 நாட்கள் அப்படியே விட்டோம்.

ஏழாம் நாள் ஒட்டிய ஒப்புகை நான்கு வரிகளே கொண்டது. "இரவு நேரப் பராமரிப்பு குறித்து ஒரு கடிதம் பெறப்பட்டது. அதற்குக் கடித எண் 14 தரப்பட்டுள்ளது. அது விசாரிக்கப்படுகிறது. எழுதியவர் யார் என்று கண்டறிய எந்த முயற்சியும் எடுக்கப்படவில்லை, எடுக்கப்படவும் மாட்டாது." கடைசி வரியைச் சேர்க்க வேண்டாம் என்று குழுவில் ஒருவர் சொன்னார். நான் பிடிவாதமாக இருந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் வந்த வேறொரு கடிதத்தை நான் பணியாளர் கூட்டத்தில் உரக்கப் படித்து, படிக்கும்போது ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அதற்குப் பிறகு இரண்டு ஆண்டுகள் ஒரு கடிதம்கூட வரவில்லை. அந்த இரண்டு ஆண்டுகளில் எனக்குத் தெரியாமல் போனவற்றைப் பின்னர் ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டேன், அதற்கு நானே காரணம்.

முழுமையான பதிலை ஆறாம் வாரத்தில் எழுதினோம். முதல் வரைவில் நான் செய்த பிழைகளைச் சொல்வது பயன்படும் என்று நினைக்கிறேன். "காலையில்தான் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று கடிதத்தில் கூறப்பட்டபடி" என்று கடிதத்தின் சொற்களையே எடுத்து எழுதியிருந்தேன். ஒருவருடைய சொல்லாட்சி அவருடைய கையெழுத்தைப் போலவே அடையாளம் உள்ளது. "மாத்திரை நோட்டு" என்று அந்த இல்லத்தில் சிலர் மட்டுமே சொல்வார்கள், மற்றவர்கள் "மருந்துப் பதிவேடு" என்பார்கள். ஆகவே எல்லாவற்றையும் அலுவலக மொழியில் மாற்றி எழுதினேன். "எங்கள் பணியாளர் ஒருவர் தெரிவித்தபடி" என்று இன்னோர் இடத்தில் இருந்தது, அதை "கடிதத்தில்" என்று மாற்றினேன். எழுதியவரை "சகோதரர்" என்றோ "அம்மையார்" என்றோ குறிப்பிடாமல் "எழுதியவர்" என்று மட்டும் சொல்ல நம் மொழி இடம் தருகிறது, அது ஒரு வசதி. மூன்றாவது பிழை மிக நுணுக்கமானது. விழுந்தவர் பற்றிய பகுதியில், இரண்டு மாதங்களில் பதிவான விழுகைகள் இரண்டு என்றும், உடற்பயிற்சியாளரின் குறிப்பில் மட்டும் காணப்படும், விபத்துப் பதிவேட்டில் இல்லாத ஒரு முழங்கைக் காயம் உண்டு என்றும் எழுதியிருந்தேன். கண்டுபிடித்ததைச் சொல்லிவிட வேண்டும் என்ற ஆர்வம்தான் அப்படி எழுத வைத்தது. ஆனால் அப்படி எழுதினால் காயம்பட்டவர் யார் என்று அந்தத் தளத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதைவிட, பின்னால் யாராவது ஒருவர் "நான்தான் அந்தக் கடிதத்தை எழுதினேன்" என்று எழுதினால் அவர் சொல்வது உண்மையா என்று பார்க்க எங்களிடம் எதுவும் மிஞ்சியிருக்காது. ஆகவே முழங்கையைப் பதிலிலிருந்து எடுத்துவிட்டேன்.

இறுதியில் வெளியான வாசகத்தின் நடுப்பகுதி இது:

"மூன்று தளங்களிலும் 8 வாரங்களின் பதிவுகள் பார்க்கப்பட்டன. அழைப்பு மணிப் பலகை சில இரவுகளில் சில மணி நேரம் நிறுத்தப்பட்டிருந்தது உண்மை. அந்த நேரத்தில் உதவிக்கு யாரும் செல்லவில்லை என்பது நிறுவப்படவில்லை, செல்லப்பட்டது என்பதும் நிறுவப்படவில்லை. மருந்துப் பதிவேட்டில் சில இரவுகளில் நேரம் தவறாகப் பதியப்பட்டது உண்மை. மருந்துகளின் எண்ணிக்கையில் குறை இல்லை. பதியப்படாத ஒரு விழுகை குறித்துச் சொல்லப்பட்டதை எங்களிடம் உள்ள விவரத்தைக் கொண்டு தீர்மானிக்க இயலவில்லை. மேற்பார்வை குறித்துச் சொல்லப்பட்டதை அன்றாட நிர்வாகத்தில் இல்லாத ஒருவர் தனியாக விசாரித்தார்; கடிதம் யாரைக் குறிக்கிறது என்பது தெளிவாகாததால் அவராலும் முடிவுக்கு வர இயலவில்லை."

"நிறுவப்படவில்லை" என்பதற்கும் "பொய்" என்பதற்கும் உள்ள வேறுபாட்டில் நான் மிகவும் கண்டிப்பாக இருந்தேன். "ஆதாரமற்றது" என்ற சொல்லை அலுவலகங்கள் இரண்டு பொருளிலும் பயன்படுத்துகின்றன, ஆகவே அதைப் பதிலில் எங்கும் சேர்க்கவில்லை. எழுதியவரால் திரும்பி வந்து வாதாட முடியாது என்பதை மறக்கக் கூடாது. பெயர் போட்டுப் புகார் செய்தவரைப் பொய்யர் என்று சொன்னால் அவர் மறுத்து எழுதுவார்; மறுக்க வழியில்லாத ஒருவரை அப்படிச் சொல்வது அநியாயம். அதேபோல் அந்தத் தளத்தின் எண்ணைப் பதிலில் சொல்லவில்லை. இரவில் அங்கே பணிபுரிபவர்கள் மூவர்தான், அவர்களுக்கும் அவர்களைச் சுற்றியிருந்தவர்களுக்கும் எப்படியும் தெரிந்துபோனது. அதைத் தடுக்க எனக்கு வழி தெரியவில்லை.

அதற்குப் பின் செய்த மாற்றங்களை இரண்டு வரிகளில் எழுதினோம்: பலகையின் ஒலி குறைக்கப்பட்டு, அணைக்க முடியாதபடி செய்யப்பட்டது, பதிவேட்டை மேற்பார்வையாளர் இரவில் ஒரு முறை பார்த்துக் கையொப்பமிடுவார்.

பதிலின் கடைசிப் பகுதிதான், கேட்க முடியாதவரிடம் கேட்கும் பகுதி. "மேலும் விவரம் இருந்தால் தெரிவிக்கவும்" என்று பொதுவாகச் சொன்னால் எதுவும் வராது. பயந்திருப்பவர் இன்னொரு முறை பேனா எடுப்பதற்கு, எதை எழுதினால் போதும் என்பது அவருக்குத் தெரிய வேண்டும். இரண்டு கேள்விகள் மட்டும் கேட்டோம், இரண்டுக்கும் ஓரிரு சொற்களில் விடையளிக்கலாம். விழுந்தது எந்த இடத்தில், அறையிலா, கூடத்திலா, குளியலறையிலா? மேற்பார்வை குறித்த வாக்கியம் எந்தப் பொறுப்பில் உள்ளவரைக் குறிக்கிறது? விழுந்தவரின் பெயரைக் கேட்கவில்லை. யார் பார்த்தார்கள் என்றும் கேட்கவில்லை, ஏனெனில் பார்த்தவர் ஒருவராக மட்டும் இருந்தால் அந்தக் கேள்வி "நீங்கள் யார்" என்று கேட்பதற்குச் சமம். அதன் கீழ் ஓர் எச்சரிக்கையையும் சேர்த்தோம்: "உங்களுக்கு மட்டுமே தெரிந்திருக்கக்கூடிய எதையும் எழுத வேண்டாம்."

விடையை எங்கே போடுவது என்பதையும் யோசிக்க வேண்டியிருந்தது. எங்கள் புகார்ப் பெட்டி நுழைவாயிலில், கண்காணிப்புக் கேமராவுக்கு நேர் கீழே இருந்தது. யாரோ ஒருவர் எப்போதோ அங்கே மாட்டிவிட்டார், நானும் தினமும் அதைக் கடந்துபோய்க்கொண்டிருந்தேன். தொலைபேசி அழைப்பவரின் எண்ணைக் காட்டும். மின்னஞ்சலுக்கு ஒரு முகவரி வேண்டும். ஆகவே பெட்டியைக் கேமரா இல்லாத, எல்லோரும் எப்போதும் போய்வரும் துணி துவைக்கும் அறையின் வாசலுக்கு மாற்றினோம். பதில் வெளியான அன்றைக்கே மாற்றினால் அதுவே ஒரு பொறியாகத் தோன்றும் என்பதால், ஒப்புகை ஒட்டிய வாரத்திலேயே மாற்றியிருந்தோம். வாரத்துக்கு ஒரு முறை, குறிப்பிட்ட ஒரு நாளில் மட்டும் இருவர் சேர்ந்து திறப்பார்கள் என்றும் எழுதினோம். அடிக்கடி திறந்தால் எந்த நேரத்தில் தாள் விழுந்தது என்று கணிக்க முடிந்துவிடும்.

பதில் ஒட்டிய பதினெட்டாம் நாள் திறந்தபோது, மருந்து அட்டையின் பின்புறம் கிழித்த ஒரு துண்டு கிடந்தது. "14. குளியலறை வாசல். கையில் அடி." அவ்வளவுதான். அதை எழுதியவரும் கடிதம் எழுதியவரும் ஒருவரா என்று எனக்குத் தெரியாது. பதிலில் நாங்கள் வெளியிடாத காயத்தைச் சரியாகச் சொல்லியிருந்ததால், நடந்ததை அறிந்தவர் என்பது மட்டும் உறுதியானது. உடற்பயிற்சியாளரின் குறிப்பில் இருந்தவரிடம் மட்டும் கேட்காமல், அந்தத் தளத்தில் எல்லோரிடமும், மற்றக் கேள்விகளோடு, குளியலறைப் பக்கம் எப்போதாவது வழுக்கியதுண்டா என்றும் கேட்டோம். குறிப்பில் இருந்தவர் சட்டைக் கையை மடித்துக் காட்டினார். விபத்துப் பதிவேட்டில், நடந்த நாளும் பதிந்த நாளும் வேறு வேறு என்று குறிப்பிட்டு, அந்த விழுகையைத் தாமதப் பதிவாக ஏற்றினோம்.

மறுவாரம் பலகையில் இரண்டாவது தாள் ஒட்டப்பட்டது. "கடித எண் 14: பதியப்படாத விழுகை ஒன்று நடந்தது உண்மை என்று இப்போது தெரிகிறது. முந்தைய பதிலின் அந்தப் பகுதி திருத்தப்படுகிறது. இரண்டாவது கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. அந்தக் கேள்வி அப்படியே இருக்கிறது." நான் அந்தப் பொறுப்பிலிருந்து விலகும்வரை அதற்கு விடை வரவில்லை. கோப்பை ஒப்படைக்கும்போது, அந்த வரியின் எதிரே "முடிக்கப்படவில்லை" என்று எழுதி, எனக்கும் அதில் தொடர்பிருக்கக்கூடும் என்பதால் அடுத்து வருபவர் இதை என்னிடம் கேட்காமல் குழு உறுப்பினரிடம் கேட்க வேண்டும் என்று குறிப்பு வைத்துவிட்டு வந்தேன்.